அறுத்த வெங்காயமும் அறைக் கிருமிகளும்

காய்ச்சலில் கிடந்த சிறுவன் ஒருவனைக் காண அண்மையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கட்டிலினடியில் ஒரு தட்டில் பாதி வெங்காயம் இருந்தது. "முந்தாநாள் இரவு வைத்தேன். அறையிலிருந்த கிருமியையெல்லாம் இழுத்து எப்படிப் பழுப்பேறிவிட்டது, பாருங்கள்!" என்றார் பாட்டியார். அதே வீட்டில், சமையலில் எஞ்சிய பாதி வெங்காயத்தை, மறுநாள் நஞ்சாகிவிடும் என்று குப்பையில் எறிகின்றனர். இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு கிளைகளே.

இந்நம்பிக்கைக்கு வேர் உண்டு. துர்நாற்றமுள்ள காற்றே கொள்ளைநோயைப் பரப்புகிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆகவே காரமணமுள்ள பொருள்களை அறைகளில் வைத்தனர். நோய்க்குக் காரணம் கிருமிகளே எனப் பாஸ்டரும் காக்கும் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய பின்னரும், வெங்காயம் மட்டும் அறையைவிட்டு வெளியேறவில்லை!

கிருமிகள் வெங்காயத்தை நாடிப் பறந்து செல்வதில்லை. அவற்றை இழுக்கும் ஆற்றல் வெங்காயத்திற்கும் இல்லை. சளிக்காய்ச்சல் இருமலின் நீர்த்துளிகளாலும், அவை பட்ட கைகளாலும் பரவுகிறது. அப்படியானால் பழுப்பு நிறம் எதனால் வந்தது? கத்தி பட்டதும் வெங்காயத்தின் நுண்ணறைகள் உடைகின்றன. அவற்றின் சாறு காற்றுடன் கலந்து நிறம் மாறுகிறது. ஈரம் வற்றி வெட்டுமுகம் சுருங்குகிறது. எஞ்சிய பாதியை, யாருமே புழங்காத அறையில் வைத்துப் பார்க்குமாறு பாட்டியாரிடம் கூறினோம். இரண்டு நாளில் அதுவும் அவ்வாறே பழுப்பேறிற்று. சிறுவனை அதற்குள் மருத்துவரிடம் கொண்டுசென்றிருந்தனர் என்பதே எமக்கு ஆறுதல்.

இனி, எஞ்சிய பாதியை என் செய்வது? அறுத்த வெங்காயம் தானாக நஞ்சாவதில்லை. ஆனால் கத்தி, பலகை, கை ஆகியவற்றிலிருந்து கிருமிகள் அதன்மேல் ஒட்டக்கூடும். வெப்பமான அடுக்களையில் அவை பெருகும். இறைச்சி நறுக்கிய பலகையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் அரிவதுதான் உண்மையான ஆபத்து. மேல்தோலில் கரிப்பொடி போல் காணப்படுவது ஒரு வகைப் பூஞ்சணம். அந்தத் தோலை உரித்தெறிந்து, கழுவிய பின்னரே அறுக்க வேண்டும்.

வேர்ப்பக்கமுள்ள பாதியைத் தோலோடு வைத்தால் விரைவில் வாடாது. இறுக மூடும் கண்ணாடிக் குடுவையிலோ எவர்சில்வர் சம்புடத்திலோ இட்டு, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூடாவிடில் பாலும் வெண்ணெயும் வெங்காய மணம் வீசும்! நான்கு பாகைக்கு மேற்படாத குளிரில் பாதி வெங்காயம் ஒரு வாரம் தாங்கும். பொடியாக அரிந்ததை மூன்று நான்கு நாட்களில் தீர்த்துவிடுதல் நன்று. வழவழப்போ, புளித்த வாடையோ, பூஞ்சணமோ கண்டால் தயங்காமல் எறிந்துவிடலாம்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் சின்ன வெங்காயமே கைகொடுக்கும். வேண்டிய அளவு எண்ணி உரித்தால் மிச்சமே இராது. பெரிய வெங்காயத்தில் மிஞ்சியதை அன்றைய குழம்பிலேயே சேர்த்துவிடலாம். தயிர்ப் பச்சடிக்கென அரிந்ததை மட்டும் உண்ணும் வேளைக்குச் சற்று முன் அரிந்துகொள்ளுங்கள்.