ஐந்தாவது கட்டத்தை எங்கே வைப்பது?

தூக்கம் வரவில்லை, மனம் எதிலும் ஒட்டவில்லை என்று மனநல மருத்துவரிடம் போகிறவர்களுக்கு மருந்துச் சீட்டோடு ஒரு வீட்டுப்பாடமும் கிடைப்பதுண்டு. “எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, மனசு எப்படி இருந்துச்சு, மாத்திரை போட்டீங்களா, எல்லாத்தையும் தினமும் குறிச்சுக்கிட்டு வாங்க.” காரணம் எளிமையானது. போன மாதம் எப்படி இருந்தது என்று திடீரெனக் கேட்டால், நேற்றும் முந்தாநாளும் எப்படி இருந்தனவோ அதையேதான் மாதம் முழுவதற்கும் சொல்லுவோம். தினக்குறிப்பு இருந்தால் அந்தத் தவறு நேராது.

முன்பு இதற்கு ஒரு டைரி போதுமாக இருந்தது. இப்போது கைபேசியில் குறிக்கிறோம். எங்கே குறிப்பது என்பதில்தான் குழப்பம். தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம். கூகுள் ஷீட்டில் எழுதலாம். சொந்தக் கணினியில் ஒரு கோப்பாக வைக்கலாம்.

தஞ்சாவூரில் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், மாமியார் என்று நான்கு பேர் உள்ள வீடு. மருத்துவர் சொன்னபடி ஒரு திங்கட்கிழமை இரவு அவர் எழுதிய வரி இப்படி இருக்கிறது:

```
தேதி,தூக்கம்,மனநிலை,மாத்திரை,குறிப்பு
14-07-2025,4.5,3,1,அத்தையோடு சண்டை. வேலையை விட்டுவிடலாமா?
```

நாலரை மணி நேரத் தூக்கம், பத்துக்கு மூன்று மனநிலை, மாத்திரை போட்டாயிற்று. தலைப்பு வரி இல்லாமல் இந்த எண்களை மட்டும் யாராவது பார்த்தால் ஒன்றும் புரியாது. ஐந்தாவது கட்டத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்தாலும் புரிந்துவிடும்.

அந்தக் கட்டத்தால் என்ன நேரும் என்பதை ஃபின்லாந்து 2020-இல் பார்த்தது. வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து சுமார் 33,000 பேரின் பதிவுகள் திருடப்பட்டன. திருடியவன் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டான். அது நடக்காமல் போனதும் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் போனது. 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ, தாமதித்தால் 500 யூரோ, தராவிட்டால் உங்கள் குறிப்புகள் வெளியே வரும் என்று மிரட்டல். அந்த மிரட்டலுக்கு வலிமை தந்தது, சிகிச்சை அறையில் பேசியதைச் சிகிச்சையாளர் எழுதிவைத்த வரிகள். யார் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்ற கணக்கை வைத்து யாரையும் இப்படி மிரட்ட முடியாது.

தஞ்சாவூர் ஆசிரியையைத் தேடி எந்த வெளிநாட்டுத் திருடனும் வரப்போவதில்லை. அவர் இந்த வரியை யார் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று நிதானமாக யோசித்தால் வரும் பட்டியல் சிறியது. கைபேசியின் பூட்டு எண் தெரிந்த மகன், பள்ளியில் பக்கத்து நாற்காலிக்காரர், தலைமை ஆசிரியர், மாமியார். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே கைகொடுக்காது. தனிநபர் தன் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவு அதன் வரம்புக்கு வெளியே என்று சட்டமே சொல்கிறது. நாத்தனார் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால் அந்தச் சட்டத்தைக் காட்டி ஒன்றும் செய்ய முடியாது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இடங்களையும் பார்த்தால், பொதுவாகச் சொல்லப்படும் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லாச் செய்திகளும் அனுப்புபவரின் கருவியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கருவியில்தான் திறக்கின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் படிக்க முடியாது. தனக்குத்தானே செய்தி அனுப்பும் வசதியும் இருக்கிறது. ஆக, இதுதான் மிகப் பாதுகாப்பான இடம் என்று தோன்றும். ஆனால் பூட்டு வழிக்குத்தான். போய்ச் சேர்ந்த இடத்துக்கு இல்லை. 2020-இல் மும்பையில் நடந்த போதைப்பொருள் விசாரணையின்போது திரை நட்சத்திரங்களின் பழைய வாட்ஸ்அப் உரையாடல்கள் தொலைக்காட்சிகளில் வரிவரியாக ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது வாட்ஸ்அப் நிறுவனம், செய்திகள் பூட்டப்பட்டவைதான் என்று சொன்ன கையோடு, கருவியில் தங்கியிருப்பதைக் காக்கக் கைபேசியின் கடவுச்சொல், கைரேகை போன்றவற்றைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. ஆசிரியை வீட்டில் மகனுக்குத்தான் பூட்டு எண் தெரியுமே!

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, காப்புப் பிரதி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் உரையாடல்களின் பிரதி கூகுள் கணக்கில் போய்ச் சேமிக்கப்படலாம். அந்தப் பிரதியையும் முழுமையாகப் பூட்டும் வசதி 2021-இல் வந்தது. ஆனால் அமைப்புகளுக்குள் போய் நாமே அதை இயக்க வேண்டும். இயக்கும்போது தேர்ந்தெடுக்கும் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்துவிட்டால் பிரதியை யாராலும் மீட்டுத் தர முடியாது. இரண்டாவது ஓட்டை இதைவிட நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது: பள்ளிக் கணினியில் வினாத்தாளை அச்செடுப்பதற்காகத் திறந்த வாட்ஸ்அப் வெப். மூடாமல் எழுந்து வந்துவிட்டால் அது இணைந்தே கிடக்கும். அமைப்புகளில் Linked devices என்ற பகுதியைத் திறந்தால் எந்தெந்தக் கணினி எப்போது கடைசியாக இயங்கியது என்று தெரியும். முகம் தெரியாத கணினி ஒன்று அங்கே இருந்தால் உடனே வெளியேற்றிவிடலாம்.

டெலிகிராமைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சாதாரண உரையாடல்களுக்கு இந்த முழுப் பூட்டு கிடையாது. இருவருக்கு இடையிலான ரகசிய உரையாடலுக்கு மட்டுமே உண்டு. தனக்குத்தானே சேமித்துக்கொள்ளும் Saved Messages அந்த வகையில் சேராது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு “இன்று எப்படி இருந்தது?” என்று கேட்கும் இலவசப் பாட்களோ இன்னும் ஒரு படி மேல். நீங்கள் தட்டும் பதில் அதை நடத்துகிறவரின் கணினிக்குப் போகிறது. அவர் யார் என்று பெரும்பாலும் தெரியாது.

கூகுள் ஷீட்டுக்கு வருவோம். எண்களை வைக்க இதைவிட வசதியான இடம் இல்லை. கைபேசியில் குறித்தால் கணினியில் வரைபடமாகப் பார்க்கலாம், கைபேசி தொலைந்தாலும் பதிவு தொலையாது. கூகுளின் கிடங்கில் அது பூட்டித்தான் வைக்கப்படுகிறது. ஆனால் சாதாரணக் கணக்குகளில் சாவி கூகுளிடமே இருக்கும். நம் ஆசிரியையின் கவலை கூகுள் அல்ல என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அவர் பார்க்க வேண்டியது வேறு: எந்தக் கணக்கில் ஷீட்டைத் திறந்தார்? பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கு என்றால், அதன் நிர்வாகி நினைத்தால் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். கைபேசியில் இரண்டு கணக்குகளும் இருக்கும்போது புதிய ஷீட் எந்தக் கணக்கில் உருவானது என்று யாரும் பார்ப்பதில்லை. வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டால் தெரிந்துவிடும்.

அடுத்தது பகிர்வு. மருத்துவரிடம் காட்டுவதற்காக அவசரத்தில் Anyone with the link என்பதைத் தேர்ந்தெடுத்து, இணைப்பை அனுப்பி, பிறகு மறந்துவிடுகிறோம். அந்த இணைப்பு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் ஷீட் திறக்கும். 2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில் முன்பின் தெரியாதவர்களின் கூகுள் ஆவணங்கள், கடவுச்சொற்கள் உட்பட, தேடல் முடிவுகளாக வந்து விழுந்தன. யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. எழுதியவர்களே இணைப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள். Restricted என்று மாற்றி, மருத்துவரின் மின்னஞ்சலை மட்டும் பார்வையாளராகச் சேர்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஷீட்டில் பலர் அறியாத ஒன்று, அதன் ஞாபகசக்தி. ‘அத்தையோடு சண்டை’ என்று எழுதிவிட்டு மறுநாள் மனசு கேட்காமல் அழித்தாலும், Version history-இல் பழைய வரி அப்படியே இருக்கும். பார்க்க மட்டும் அனுமதி பெற்றவருக்கு அது தெரியாது. திருத்த அனுமதி பெற்றவர் திறந்து பார்க்கலாம். வரைபடம் போட உதவட்டும் என்று மகனுக்குத் திருத்தும் அனுமதி கொடுத்தால், அழித்தவையும் சேர்ந்தே போகின்றன. தப்பிக்க ஒரு வழி உண்டு. ஷீட்டுக்கு நகல் எடுத்தால் நகலுக்குப் பழைய வரலாறு வராது. பிறகு மூலத்தை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட வேண்டும். தொட்டியைச் சும்மா விட்டால் 30 நாள் வரை அதிலேயே கிடக்கும்.

எஞ்சியிருப்பது சொந்தக் கணினிக் கோப்பு. வீட்டை விட்டு வெளியே போகாதது என்பதுதான் இதற்கு உள்ள பெருமை. அந்தப் பெருமையைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் கணினியில் Desktop, Documents கோப்புறைகள் ஒன்டிரைவ் மேகத்துக்குப் பிரதியாகிக்கொண்டிருக்கலாம். கோப்பின் முகவரியைப் பார்த்தால் தெரியும்:

```
C:\Users\user\OneDrive\Documents\kurippu.ods
```

நடுவில் `OneDrive` இருந்தால் அது வீட்டுக்குள் மட்டும் இருக்கும் கோப்பு இல்லை. மகனின் மடிக்கணினியும் அதே கணக்கில் ஓடினால், அம்மாவின் குறிப்பு அங்கேயும் வந்து நிற்கும். `C:\Kurippu` என்பது போல வெளியே ஒரு கோப்புறை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

கோப்புக்குப் பூட்டும் வேண்டும். லிப்ரேஆபிஸ் இலவசம், சேமிக்கும் பெட்டியில் Save with password என்பதைத் தேர்ந்தால் கோப்பு முழுவதும் குறியாக்கம் ஆகும். எக்செலிலும் திறப்பதற்கே கடவுச்சொல் கேட்கும்படி செய்யலாம். ஆனால் எக்செலில் Protect Sheet என்று இருப்பது வேறு. அது கட்டங்களை மாற்றவிடாமல் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. பலர் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இன்னொரு பக்கம், கணினி பழுதானால் கோப்பும் போய்விடும் என்பதால் மாதம் ஒரு முறை ஒரு பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும். பூட்டிய கோப்பை அப்படியே நகலெடுத்தால் பென்டிரைவ் தொலைந்தாலும் பயமில்லை.

இப்படிப் பார்த்தால் அந்த ஒரு வரி முழுவதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தேதி, தூக்கம், மனநிலை, மாத்திரை நான்கும் கூகுள் ஷீட்டுக்குப் போகலாம், சொந்தக் கணக்கில். தலைப்புகளை ‘தூ’, ‘ம’, ‘மா’ என்று சுருக்கி, ஷீட்டுக்கு ‘கணக்கு’ என்று பெயர் வைத்துவிட்டால் திறந்து கிடந்தாலும் யாருக்கும் சுவாரசியம் இருக்காது. மருத்துவருக்கு முக்கியமாக வேண்டியதும் இந்த எண்கள்தான்: தூக்கம் குறைந்த இரண்டாம் நாள் மனநிலை சரிகிறதா, மாத்திரை விட்ட நாட்கள் எவை என்பதை வரைபடமே சொல்லிவிடும். ஐந்தாவது கட்டம் மட்டும் தேதியோடு பூட்டிய கோப்பில். மனநிலை மூன்றுக்குக் கீழே போன நாட்களில் மட்டும் அதைத் திறந்து எழுதினால் போதும். தினமும் திறக்க வேண்டியிருந்தால் பத்தாவது நாளே அலுத்துவிடும். வாட்ஸ்அப்பில் எதையும் எழுத வேண்டாம். நினைவூட்டலுக்குக் கைபேசியின் அலாரமே போதும். அதற்கும் ‘மாத்திரை’ என்று பெயர் வைக்காமல் ‘ஒன்பது மணி’ என்று வைக்கலாம்.

இதில் ஒரு சங்கடம் மீதம் இருக்கிறது. லிப்ரேஆபிஸில் அந்தக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்க வழியில்லை. மறக்காமலிருக்க மகனின் பிறந்தநாளை வைத்தால், வீட்டில் முதலில் திறக்கப்போவது மகன்தான். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து ஒரு கடவுச்சொல் அமைத்து, ஒரு தாளில் எழுதி, பீரோவில் தன் சான்றிதழ்கள் இருக்கும் உறையில் வைக்கலாம். அவசரம் என்றால் கணவர் திறக்கட்டும் என்று விரும்பினால், அந்த உறை எது என்பதை அவரிடம் மட்டும் சொல்லிவைக்கலாம். வேண்டாம் என்றால் பள்ளி லாக்கர்.