நாற்பது கடிதங்கள் போதுமா?

பம்ப் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் புகார்களுக்கு ஏஐ மூலம் பதில் எழுத வேண்டும். கையில் இருப்பவை நல்ல பதில் எழுதப்பட்ட நாற்பது கடிதங்களும் உத்தரவாத விதிகள் அடங்கிய கையேடும்தான்.

விற்பனையாளர்கள் உடனே ஃபைன்-டியூனிங்கைக் காட்டுவார்கள். மாடலையே அந்தக் கடிதங்களால் மறுபடி பயிற்றுவிக்கும் முறை அது. ஆனால் நாற்பது கடிதங்களிலிருந்து மாடல் பதில்களின் நடையைத்தான் பிடிக்கும். உத்தரவாத விதிகள் அதன் மனதில் பதியாது. விதி தெரியாமலே, தெரிந்ததுபோல் எழுதும். அதுதான் ஆபத்து.

முதலில் இருபது கடிதங்களைச் சோதனைக்கென ஒதுக்கிவிட வேண்டும். மீதியில் ஏழெட்டை மட்டும் ப்ராம்ப்ட்டில் மாதிரியாகக் கொடுத்தாலே நடை பெரும்பாலும் வந்துவிடும். இப்படிச் சில மாதிரிகளைக் காட்டினாலே மாடல் வேலையைப் பிடித்துக்கொள்ளும் என்பதை 2020-இல் ஜிபிடி-3 ஆய்வுக்கட்டுரை விரிவாகக் காட்டியது.

பிறகு, தவறிய பதில்களைப் பார்க்க வேண்டும். மோட்டார் எரிந்தால் உத்தரவாதம் உண்டா என்பதில் பிழையா? கையேட்டின் சரியான பக்கத்தைக் கையாலேயே ப்ராம்ப்ட்டில் ஒட்டிப் பார்க்கலாம். பதில் சரியானால், தேவை ரெட்ரீவல்: கேள்விக்கேற்ற பக்கத்தைத் தேடியெடுத்துத் தரும் ஏற்பாடு. விதி மாறினால் பக்கத்தை மாற்றினால் போதும். ஒட்டியும் பிழை தீரவில்லையா? கோளாறு ப்ராம்ப்ட்டின் அறிவுறுத்தலில் இருக்கலாம், அல்லது மாடலே அந்த வேலைக்குப் போதாமல் இருக்கலாம்.

இருபதில் ஒரு கடிதம் என்பது ஐந்து சதவீதம். எனவே ஒன்றிரண்டு கூடியதை முன்னேற்றம் என்று நம்பிவிடக் கூடாது.

உண்மைகள் சரியாக இருந்தும் வடிவம் மட்டும் அடிக்கடி பிசகினால், அல்லது நீண்ட ப்ராம்ப்ட்டின் செலவு கையைக் கடித்தால், அப்போது ஃபைன்-டியூனிங்கை யோசிக்கலாம். அதற்குள் நிறுவனத்திடம் சில நூறு கடிதங்களாவது சேர்ந்திருக்கும்.