யார் பொய்யர்? எட்டு வரி அட்டவணை சொல்லும் விடை

ஒரு தீவில் இரண்டு வகை மனிதர்கள் மட்டுமே வாழ்கிறார்கள். மெய்யர் எப்போதும் உண்மையே பேசுவார்கள். பொய்யர் வாயைத் திறந்தால் பொய்தான். பார்வைக்கு இரு வகையினரும் ஒன்றுபோலவே இருப்பார்கள். அவர்கள் சொல்வதை மட்டும் வைத்து யார் எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட புதிர்களை உலகெங்கும் பரப்பியவர் ரேமண்ட் ஸ்மல்யன் என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர். 1978இல் வெளிவந்த அவருடைய புதிர் நூலுக்குப் பிறகு இவை பாடசாலைக் கொப்பிகள் வரை வந்துவிட்டன.

எமது பெண்கள் குழுவில் உள்ள ஒரு தாய், மகளின் கொப்பியில் இருந்த இத்தகைய புதிர் ஒன்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். 2008இல் இடம்பெயர்ந்தபோது எட்டாம் ஆண்டோடு அவருடைய படிப்பு நின்றுபோனது. "பிள்ளை கேட்கும்போது தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்குது அக்கா. விடையைச் சொல்ல வேண்டாம், வழியைச் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தார். படத்தில் இருந்தது இதுதான்:

க, ச, ப என்று மூவர் நிற்கிறார்கள்.
க சொல்கிறார்: "ச ஒரு பொய்யர்."
ச சொல்கிறார்: "கவும் பவும் ஒரே வகை."
ப சொல்கிறார்: "… ஒரு பொய்யர்."

மூன்றாவது கூற்றின் மேல் கையின் நிழல் விழுந்திருந்தது. அங்கே இருப்பது 'க'வா 'ச'வா என்று தெரியவில்லை. மங்கலான படத்தில் இந்த இரண்டு எழுத்துகளும் எளிதில் மாறிப்போகும். ஆகவே படத்தைப் பார்த்தபடியே யோசிக்கத் தொடங்கக்கூடாது. முதலில் புதிரைப் பேனையால் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர், எத்தனை கூற்று, கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பதைப் படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டுவிட வேண்டும்.

பலர் முதலில் "க உண்மை சொல்வதுபோல் இருக்கிறது" என்று ஒருவரை நம்பிக்கொண்டு தொடங்குகிறார்கள். அட்டவணையில் அந்த வேலையே இல்லை. ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு என்றால், மூவருக்கு இரண்டு தரம் இரண்டு தரம் இரண்டு, அதாவது 8 வாய்ப்புகள். அந்த எட்டையும் எழுதிவிட்டால் உண்மையான விடை அவற்றுக்குள் எங்கோ இருந்தே ஆக வேண்டும். விடுபடாமல் எழுத ஒரு வழி உண்டு. முதல் நிரலில் நான்கு மெய், நான்கு பொய். அடுத்த நிரலில் இரண்டு மெய், இரண்டு பொய் என்று மாறி மாறி. கடைசி நிரலில் ஒன்றுவிட்டு ஒன்று.

ஒவ்வொரு வரியிலும் சோதனை ஒன்றுதான். மெய்யர் சொன்னது அந்த வரியில் சரியாக இருக்க வேண்டும். பொய்யர் சொன்னது பிழையாக இருக்க வேண்டும். ஒரு கூற்று முரண்பட்டாலும் அந்த வரியை வெட்டிவிடலாம். இப்போதைக்குத் தெளிவாகத் தெரிந்த இரண்டு கூற்றுகளை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

| வரி | க | ச | ப | முடிவு |
|---|---|---|---|---|
| 1 | மெய் | மெய் | மெய் | வெட்டு: மெய்யரான க சொன்னது பிழை |
| 2 | மெய் | மெய் | பொய் | வெட்டு: மெய்யரான க சொன்னது பிழை |
| 3 | மெய் | பொய் | மெய் | வெட்டு: பொய்யரான ச சொன்னது சரி |
| 4 | மெய் | பொய் | பொய் | நிற்கிறது |
| 5 | பொய் | மெய் | மெய் | வெட்டு: மெய்யரான ச சொன்னது பிழை |
| 6 | பொய் | மெய் | பொய் | நிற்கிறது |
| 7 | பொய் | பொய் | மெய் | வெட்டு: பொய்யரான க சொன்னது சரி |
| 8 | பொய் | பொய் | பொய் | வெட்டு: பொய்யரான க சொன்னது சரி |

மூன்றாவது வரியை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். க மெய்யர், ச பொய்யர், ப மெய்யர். க, "ச பொய்யர்" என்கிறார். ச பொய்யர்தான், அது பொருந்துகிறது. ச, "கவும் பவும் ஒரே வகை" என்கிறார். இந்த வரியில் இருவருமே மெய்யர், ஆகவே அவர் சொன்னது சரி. ஆனால் ச பொய்யர் ஆயிற்றே, அவர் வாயில் சரியான கூற்று வரக்கூடாது. எனவே வரி வெட்டப்படுகிறது. மற்ற வரிகளையும் இப்படியே பார்க்கலாம்.

நான்காவது, ஆறாவது வரிகள் மிஞ்சிவிட்டன. இரண்டு மிஞ்சினால் கணக்குப் பிழைத்துவிட்டது என்று பலர் தாளைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். கடைசி நிரலைப் பாருங்கள், இரண்டு வரியிலும் ப பொய்யரே. கவா சவா பொய் சொல்கிறார் என்று தெரியாமலேயே, பவைப் பற்றி உறுதியாகச் சொல்லிவிட்டோம். கேள்வி "ப எந்த வகை?" என்று மட்டும் இருந்தால் வேலை இங்கேயே முடிந்தது.

அந்தக் கொப்பியிலோ மூவரையும் கேட்டிருந்தார்கள். ஆகவே நிழல் விழுந்த கூற்று தேவைப்பட்டது. அது "க ஒரு பொய்யர்" என்றால், பொய்யரான ப சொன்னது பிழையாக வேண்டும், எனவே க மெய்யர். நான்காவது வரி நிற்கும், ஆறாவது விழும். அதுவே "ச ஒரு பொய்யர்" என்றால் ச மெய்யராகி, ஆறாவது நிற்கும், நான்காவது விழும். ஒரு எழுத்தைத் தவறாக வாசித்தால் கவும் சவும் இடம் மாறிவிடுகிறார்கள்! அதைவிட மோசம், இரண்டு வாசிப்பிலும் அட்டவணை ஒழுங்காக ஒரே விடையைத் தருவதால், பிழை விட்டது தெரியவே தெரியாது. வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். 'க' என்று இருந்தது. க மெய்யர், சவும் பவும் பொய்யர்.

எட்டு வரியும் வெட்டுப்பட்டால் மட்டும் அட்டவணை தானாகவே எச்சரிக்கை தரும். அப்போது எங்காவது பிரதி பண்ணியது பிழை, அல்லது ஒரு வரியைச் சோதித்தது பிழை. இரண்டும் சரியென்றால் புதிரே பிழை.

இந்த முறையை ஊர்ச் சண்டைக்குக் கொண்டுபோக வேண்டாம். தீவில்தான் பொய்யர் எப்போதும் பொய் சொல்வார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறவர் ஒன்பது உண்மையோடு பத்தாவதாக ஒரு பொய்யைக் கலந்து சொல்வார். அந்த ஆளை எந்த நிரலில் போடுவது?

ஒரு தடுமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். இருவர் நிற்கிறார்கள். முதலாமவர் "நாங்கள் இருவரும் பொய்யர்" என்கிறார். இது பொய் என்றால் இருவரும் மெய்யர் என்று அவசரமாக எழுதிவிடுவோம். அப்படியல்ல. இருவரில் ஒருவராவது மெய்யர் என்பதுதான் அதன் பொருள். இதற்கு நான்கு வரி போதும். முதலாமவர் மெய்யர் என்றால், தன்னையே பொய்யர் என்று சொன்னவராகிறார், அது நடக்காது. அந்த இரண்டு வரிகளும் போயின. முதலாமவர் பொய், இரண்டாமவரும் பொய் என்றால் கூற்று சரியாகிவிடும், பொய்யர் அதைச் சொல்ல முடியாது. மிஞ்சுவது முதலாமவர் பொய்யர், இரண்டாமவர் மெய்யர் என்ற ஒரு வரி. இரண்டாமவர் வாயே திறக்கவில்லை, ஆனாலும் அவர் யாரென்று தெரிந்துவிட்டது.