நொடியில் உச்சம் தொடும் தலைவலி

2011 பிப்ரவரி 11 அன்று காலை, வடக்கு லண்டனின் க்ரவுச் எண்ட் பகுதியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓர் இளம் நடிகை வந்தார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முதல் பருவத்தில் நடித்து முடித்திருந்த எமிலியா கிளார்க். வயது 24. உடை மாற்றும்போதே தலை வலிக்கத் தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் சொன்னபடி பிளாங்க் நிலையில் உடம்பைத் தாங்கியபோது, ரப்பர் பட்டை ஒன்று மூளையை இறுக்குவதுபோல் இருந்ததாகப் பின்னர் எழுதினார். கிட்டத்தட்டத் தவழ்ந்தே கழிவறைக்குப் போனார், கடுமையாக வாந்தி எடுத்தார். பக்கத்துக் கழிவறையிலிருந்த பெண் ஒருவர் உதவிக்கு வந்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது.

மருத்துவமனையில் முதலில் யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை. மூளை ஸ்கேன் எடுத்த பிறகுதான், மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளுக்கு நடுவே ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு என்பது அதன் பெயர். வார்டுகளில் ‘எஸ்ஏஹெச்’ என்பார்கள். இது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடனேயோ சற்று நேரத்திலோ இறந்துவிடுவதாக அவரே 2019இல் எழுதிய கட்டுரையில் குறிப்பிட்டார். அவர் பிழைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. “கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்” என்று யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதும் அவற்றில் ஒன்று.

இந்த வலியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அதன் கடுமையைத்தான் சொல்கிறார்கள். வாழ்நாளில் கண்டிராத வலி, மண்டை பிளக்கும் வலி. சரிதான். ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்பது வேறு: ஆரம்பித்ததிலிருந்து உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது? ஒற்றைத் தலைவலியும் துடிக்கவைக்கும், ஆனால் அது பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி என்று படிப்படியாக ஏறும். இடித் தலைவலி எனப்படும் இந்த வகை, ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று நோயாளியால் துல்லியமாகச் சொல்ல முடியும்: குடத்தைத் தூக்கும்போது, முக்கும்போது, உறவின்போது. சும்மா உட்கார்ந்திருந்தபோதும் வரலாம். எமிலியாவின் அனுபவம்போலப் பாடப்புத்தகத்துக்குச் சற்று விலகியும் வரும், நோய் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை.

இப்படி வந்த எல்லாத் தலைவலியும் ரத்தக்கசிவு அல்ல. பெரும்பாலானவை வேறு காரணங்களால் வருபவை, சிலவற்றுக்கு ஆபத்தே இல்லை. எது எது என்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய வழியில்லை என்பதுதான் சிக்கல்.

கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் அனியூரிசம். மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் இடத்தில், சுவர் வலுவிழந்து, பழைய சைக்கிள் டியூபில் ஒரு பக்கம் புடைத்துக்கொள்வதுபோல் சிறு பை உண்டாகிறது. பலருக்கு அது கடைசிவரை வெடிப்பதேயில்லை. புகைப்பழக்கமும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வெடித்த கணத்தில், தமனியின் முழு அழுத்தத்தோடு ரத்தம் பீய்ச்சியடிக்கிறது. அதுதான் அந்த இடி.

பிறகு நடப்பதுதான் மக்களை ஏமாற்றுகிறது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டிய அம்மா, காலையில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது “ஐயோ” என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு முறை வாந்தி. “பித்தம் தலைக்கேறியிருக்கும்” என்கிறார் வீட்டுப் பெரியவர் ஒருவர். நெற்றியில் தைலம், ஒரு மாத்திரை, ஜன்னலுக்குத் திரை. மதியத்துக்குள் வலி பாதியாகிறது. “அத்தே, ஆட்டோ சொல்லட்டுமா?” என்று மருமகள் கேட்கிறாள். “வேணாம்மா, இப்பப் பரவால்ல.”

பரவாயில்லைதான், அந்த மணிநேரத்துக்கு. வெடித்த ஓட்டையை ஒரு சிறு ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, அவ்வளவே. அதை வெளியிலிருந்து யாரும் தைக்கவில்லை. அந்தக் கட்டியைக் கரைக்கும் வேலையை உடம்பே செய்யும், ரத்த அழுத்தமும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மீண்டும் கசிவதற்கான ஆபத்து முதல் 24 மணிநேரத்தில்தான் மிக அதிகம், அதிலும் முதல் சில மணிநேரங்களில். இரண்டாம் முறை கசிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைப்பதில்லை. அதாவது வலி தணிந்து அந்த அம்மா கண்ணயரும் நேரமும், ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றே.

மாத்திரைக்குக் கேட்டது என்பதும் எதையும் நிரூபிக்காது; ரத்தக்கசிவால் வந்த வலியும் வலிநிவாரணிக்குக் குறையும். கொடுத்தது ஆஸ்பிரின் என்றால் நிலைமை இன்னும் மோசம், அது ரத்தம் உறைவதைத் தடுப்பது. கழுத்து விறைத்திருக்கிறதா என்று குனியவைத்துப் பார்ப்பார்கள். விறைப்பு வரச் சில மணிநேரம் ஆகும் என்பதால், ஆரம்பத்தில் கழுத்து தாராளமாகக் குனிந்தாலும் நிம்மதி அடைய முடியாது.

காத்திருப்பதில் இன்னொரு இழப்பும் உண்டு. கனடாவில் நடந்து 2011இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, வலி தொடங்கிய 6 மணிநேரத்துக்குள் எடுக்கும் சாதாரண சிடி ஸ்கேன், இந்தக் கசிவை ஏறக்குறையத் தவறாமல் காட்டிவிடுவதாகச் சொன்னது. நவீனக் கருவியில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்க்கும்போது இது பொருந்தும். புதிய ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நேரம் போகப்போக அது நீர்த்துக் கலந்துவிடும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் பாதிப் பேரிடம் படம் சாதாரணமாகவே இருக்கலாம். காலை 9 மணிக்கு வந்த வலிக்கு 11 மணிக்குப் போனால் சில நிமிடப் படம் போதும். மறுநாள் போனால் கேள்வி நீள்கிறது.

எனவே 108ஐ அழைப்பதே வழி. நோயாளியே வண்டி ஓட்டக் கூடாது. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனையாகப் பார்த்துப் போவது நல்லது. அங்கே “பயங்கரத் தலைவலி” என்று மட்டும் சொன்னால் சீட்டில் ஒற்றைத் தலைவலி என்று எழுதப்படக்கூடும், உலகின் பெரிய மருத்துவமனைகளிலும் அது நடந்திருக்கிறது. “9 மணி 10 நிமிடத்துக்கு, குடம் தூக்கும்போது, சட்டென்று உச்சத்துக்கு வந்தது” என்று சொன்னால் மருத்துவரின் காது நிமிரும்.

கசிவு உறுதியானால் இரண்டு வழிகள். தொடைத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் மெல்லிய பிளாட்டினச் சுருளை நிரப்புவது ஒன்று. மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது மற்றொன்று. எமிலியாவுக்கு முதலில் செய்தது சுருள். இரண்டு வாரம் கடந்த பின் தன் பெயரையே சொல்ல வராமல் தடுமாறி, பிறகு மெல்ல மீண்டார். கசிவுக்குப் பிறகு சுமார் நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை மூளைக் குழாய்கள் சுருங்கும் அபாயமும் இருப்பதால், நிமோடிபின் என்ற மாத்திரையை 21 நாள் கொடுப்பது வழக்கம்.

சரி, இதைப் படிப்பவருக்கு அப்படியொரு வலி நாலு நாளைக்கு முன் வந்து போயிருந்தால்? போன வலிதானே என்று விடக் கூடாது. சிடி ஸ்கேன் எதையும் காட்டாவிட்டால், முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். கசிந்த ரத்தம் சிதைந்தால் அந்த நீர் மஞ்சளாகும். அந்த நிறம் சுமார் 12 மணிநேரத்தில் உருவாகி, ஏறத்தாழ இரண்டு வாரம் நிற்கும். சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராமில் புடைப்பையே நேரில் பார்க்கலாம்.