மூடுபனியில் ஒரு பாகை

பனிமூட்டத்தில் கப்பல் ஓட்டுபவருக்கு ரேடார் திரையில் தெரிவது ஒரு புள்ளி மட்டுமே. அந்தக் கப்பல் நம்மை எவ்வளவு நெருங்கிக் கடக்கும் என்ற தூரத்தைச் சுருக்கமாக 'சி.பி.ஏ.' என்பார்கள்.

ஒரு புள்ளி 12 கடல் மைலில் தெரிகிறது. ஆறு நிமிடம் கழித்து 10 மைல். திசை அப்படியே மாறாமல் இருந்தால் சி.பி.ஏ. பூஜ்யம், அரை மணியில் மோதல். திசை ஒரே ஒரு பாகை நகர்ந்திருந்தால், ஏறக்குறைய ஒரு மைல் தள்ளிக் கடக்கும். ஆனால் ரேடாரின் திசை அளவிலேயே ஒரு பாகை பிழை வரலாம். ஆகவே அந்த ஒரு மைலை நம்பக் கூடாது. தொடர்ந்து குறித்துப் பார்க்க வேண்டும்.

1956 ஜூலை 25 இரவு, நான்டக்கெட் அருகே பனியில் வந்த 'ஆண்ட்ரியா டோரியா' எதிர்க்கப்பலை 17 மைலிலேயே ரேடாரில் கண்டது. ஆனால் அதன் நகர்வைக் குறித்துக் கணக்கிடவில்லை. வேகத்தையும் பெரிதாகக் குறைக்கவில்லை. இடைவெளியைக் கூட்ட இடப்பக்கம் வெறும் நான்கு பாகை திரும்பியது. அவ்வளவு சிறிய திருப்பம் எதிரே இருப்பவரின் திரையில் தெரியாது. 'ஸ்டாக்ஹோம்' வலப்பக்கம் திரும்பியது, மோதியது. 51 பேர் இறந்தனர்.

இன்றைய விதி 19, பனியில் முன்னே வரும் கப்பலைத் தவிர்க்க இடப்பக்கம் திரும்புவதை இயன்றவரை விலக்கச் சொல்கிறது.