பெட்டி எந்த மாதம் வரும்?

2012இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 'தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்ற பலகை விளையாட்டுக்கு 35,000 டாலர் கேட்டார்கள். ஒரு லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல் குவிந்தது. மறு ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி சொந்தச் செலவுக்குப் போனதாக அமெரிக்க வணிக ஆணையம் 2015இல் குற்றம்சாட்டியது.

அதனால் நிதி கேட்கும் பக்கத்தில் கதை சுருக்கமாக இருந்தால் போதும்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், ஆட்டத்தில் என்ன செய்கிறோம். கவனம் தேதியில் இருக்கட்டும்.

சீனாவில் அச்சிடும் சிறு விளையாட்டு ஒன்றைக் கணக்கிடுவோம். ஜூன் இறுதியில் வசூல் முடிகிறது. பணம் கைக்கு வர இரண்டு வாரம். ஓவியமும் விதிகளும் ஆகஸ்டில் முடியும். செப்டம்பரில் மாதிரிப் பெட்டி. அக்டோபர், நவம்பரில் அச்சு. கப்பலும் சுங்கமும் ஜனவரி வரை. பிப்ரவரியில் பொதிகட்டி அனுப்பலாம். மாதிரியில் நிறம் பிசகி ஓரிரு மாதம் தள்ளிப்போனால், அச்சுவேலை சீனப் புத்தாண்டு விடுமுறையில் சிக்கும். ஆலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். ஆகவே பக்கத்தில் 'ஜூன்' என்று எழுதுவதே நேர்மை.

வெகுமதிகளும் இந்தக் கணக்கை மாற்றும். உலோக நாணயம் தருவதாகச் சொன்னால் அது பெரும்பாலும் வேறு ஆலையில் தயாராகும்; அது வரும்வரை மற்ற பெட்டிகளும் காத்திருக்கும்.

பணம் போடுமுன் மாதவாரியான அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.