விட்டுப்போன பொருளுக்கு விடுதி எழுதும் பதில்

கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் புனேவுக்குத் திரும்பிய ஒருவர், வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்த பிறகுதான் கேமரா பை இல்லை என்று கவனிக்கிறார். உடனே விடுதிக்கு எழுதுகிறார்: "205-ஆம் அறையில் என் கேமரா பையை விட்டுவிட்டேன். தயவுசெய்து கூரியரில் அனுப்பி வையுங்கள்." இது கற்பனை உதாரணம்தான். ஆனாலும் மலைவாசத்தலம், கடற்கரை, கோயில் நகரம் என்று எந்த ஊரின் விடுதி ரிசப்ஷனிலும் சீசன் நாட்களில் இப்படி ஒரு கடிதம் வந்து சேரும். அதற்கு என்ன பதில் எழுதுகிறார்கள் என்பதில்தான் அந்தப் பொருள் உரியவரிடம் போகுமா, வேறு யாரிடமோ போகுமா என்பது தீர்மானமாகிறது.

நல்ல எண்ணத்தோடு பலர் எழுதிவிடும் பதில் இது: "ஆமாம் சார், கறுப்பு நிறப் பை, உள்ளே ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் இருக்கிறது. முகவரி அனுப்புங்கள்." இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. முதலாவது, உரிமையாளர் சொல்ல வேண்டிய அடையாளங்களை விடுதியே சொல்லிவிட்டது. இனி யார் கேட்டாலும் அதையே திருப்பிச் சொல்லலாம். இரண்டாவது, இன்னார் தங்கியிருந்தார் என்பதை, எழுதியவர் யார் என்று தெரியாமலேயே உறுதிப்படுத்திவிட்டது. "என் கணவர் எதையாவது விட்டுவிட்டுப் போனாரா?" என்று கேட்கும் அழைப்புகளும் விடுதிக்கு வரும். கேட்பவர் மனைவியாகவே இருந்தாலும், ஒருவர் எங்கே தங்கினார் என்பதை வெளியே சொல்லும் உரிமை விடுதிக்கு இல்லை. விட்டுப்போன பொருளைப் பற்றித் தாமாகவே வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்லாமல், விருந்தினர் கேட்கும்வரை காத்திருப்பதைப் பல விடுதிகள் வழக்கமாக வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே முதல் பதில் கேள்வியாக இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல, பையின் நிறம், கேமராவின் தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், பைக்குள் இருந்த மற்றப் பொருட்கள், அறையில் அதை வைத்த இடம் ஆகியவற்றைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அறை பதிவு செய்தபோது தாங்கள் கொடுத்த கைபேசி எண்ணில் தங்களை அழைத்துப் பேசுவோம்."

கடைசி வரிதான் இதில் முக்கியம். கடிதம் வந்த முகவரியையோ அழைத்த எண்ணையோ நம்பாமல், விடுதியின் பதிவில் ஏற்கனவே இருக்கும் எண்ணுக்கு விடுதியே அழைக்க வேண்டும். ஏமாற்ற நினைப்பவர் பெயரையும் அறை எண்ணையும் எப்படியாவது தெரிந்துகொள்ளலாம். விருந்தினரின் கைபேசி அவர் கையில் இருக்காது.

கேமராவுக்கு ஒரு வசதி உண்டு. அதன் அடிப்பகுதியில் சீரியல் எண் பொறித்திருக்கும். வாங்கியபோது வந்த பெட்டியிலும் பெரும்பாலும் பில்லிலும் அதே எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகத்துக்கு இடமில்லை. உரியவர் யார் என்று பார்க்க மெமரி கார்டைத் திறந்து படங்களைப் புரட்டுவது கூடாது. அது அவருடைய அந்தரங்கம். அடையாளச் சான்று தேவைப்பட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் போதும். முழு ஆதார் எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது தேவையற்றது. OTP-யை எந்த விடுதியும் கேட்கக் காரணமே இல்லை. யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். தனக்குப் பதில் நண்பர் நேரில் வந்து வாங்கிக்கொள்வார் என்றால், விருந்தினர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் வருபவரின் அடையாள அட்டையும் வேண்டும்.

இத்தனை கெடுபிடி ஏன் என்று விருந்தினருக்கு எரிச்சல் வரலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு, பிறருடைய பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, அதை ஒப்படைப்பாகப் பெற்றவருக்குரிய பொறுப்பைச் சுமத்துகிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோல் அவர் அதைக் காக்க வேண்டும். விசாரிக்காமல் தவறான ஆளிடம் கொடுத்துவிட்டு, "கேட்டார், கொடுத்தோம்" என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி செலவு. அதே சட்டத்தின் 168-ஆவது பிரிவு, பொருளைப் பாதுகாக்கவும் உரியவரைத் தேடவும் ஆன செலவு கிடைக்கும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கூரியர் கட்டணத்தைப் பற்றி அது பேசவில்லை. அதனால் அனுப்பும் செலவை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே பார்சல் கட்ட வேண்டும். விட்டுச் சென்றவர் விருந்தினர் என்பதால் அவரே செலவை ஏற்பது நியாயம். விடுதியின் ஆள் தவறுதலாகத் துணிகளோடு சேர்த்து எடுத்துவைத்த பொருள் என்றால், விடுதிதான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

தொகையில் தகராறு வருவது பெரும்பாலும் எடைக் கணக்கில்தான். "பை இரண்டு கிலோதானே, ஏன் இவ்வளவு?" என்று கேட்பார்கள். கூரியரில் நிஜ எடையோடு பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்கிட்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பல நிறுவனங்கள் 5,000-ஆல் வகுக்கின்றன. நம் கேமரா பையின் நிஜ எடை 2.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கைக்குக் கிடைத்த 40×30×25 அட்டைப்பெட்டியில் வைத்தால் பெருக்குத்தொகை 30,000. அது 6 கிலோவாகிவிடும். 32×28×22 பெட்டியில் வைத்தால் 4 கிலோவுக்குள் அடங்கும். கிலோவுக்கு 110 ரூபாய், பேக்கிங்குக்கு 150 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், பெரிய பெட்டிக்கு 955.80 ரூபாயும் சிறிய பெட்டிக்கு 696.20 ரூபாயும் வரும். பெட்டியின் அளவை மாற்றினால் மட்டுமே கிட்டத்தட்ட 260 ரூபாய் மிச்சம். சுற்றிலும் மெத்தென்று அடைக்க இடம் விட்டு, அதற்குமேல் பெரிதாகாத பெட்டியைத் தேர்ந்தெடுப்பது விடுதிக்காரரின் கடமை.

கேமராவில் இன்னொரு சிக்கல், பேட்டரி. உபகரணத்தோடு சேராமல் தனியாக இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற சர்வதேச விதி இடம் தருவதில்லை. பையில் உதிரி பேட்டரியோ பவர் பேங்க்கோ இருந்தால் அதைக் கூரியர்காரரிடம் மறைக்காமல் சொல்லி, தரைவழியில் அனுப்ப முடியுமா என்று கேட்க வேண்டும். நாள் கூடுதலாகும்; அதையும் விருந்தினருக்கு எழுதிவிட வேண்டும். காப்பீடும் அப்படித்தான். காப்பீடு இல்லாமல் அனுப்பிய பார்சல் தொலைந்தால் கூரியர் நிறுவனம் தரும் இழப்பீடு மிகச் சிறிய தொகையாக இருக்கும். விலை உயர்ந்த கேமராவுக்கு அது எந்த மூலைக்கு? மதிப்பை எழுதிக் காப்பீடு செய்யலாமா என்பதை விருந்தினரே முடிவு செய்யட்டும்.

அடையாளம் ஒத்துப்போன பிறகு எழுதும் இரண்டாவது பதிலில் இதெல்லாம் சுருக்கமாக வந்துவிடலாம்:

"ஐயா, தாங்கள் சொன்ன சீரியல் எண் சரியாக உள்ளது. பை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. தரைவழிக் கூரியர் கட்டணம் பேக்கிங், வரி உட்பட 696.20 ரூபாய். காப்பீடு வேண்டுமானால் அதற்குத் தனித் தொகை. கூரியர் ரசீதின் படத்தை அனுப்புவோம். அதற்குமேல் எதுவும் வசூலிக்க மாட்டோம். விடுதியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்பவும். இந்தத் தேதியிலிருந்து 90 நாள் வரை பையை வைத்திருப்போம்."

அந்த 90 நாள் விடுதியின் சொந்த விதி. ஒவ்வோர் இடத்திலும் அது மாறும் என்பதால் கடிதத்தில் எழுதியே ஆக வேண்டும். உணவுப் பொருளாக இருந்தால் ஓரிரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

பயணத்துக்குக் கிளம்புமுன் கேமரா, டேப்லெட், மடிக்கணினி ஆகியவற்றின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அறை பில்லையும் வீடு சேர்ந்து பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்வரை தூக்கிப்போடாதீர்கள்.